750 வாட் போதும் என்று கணக்கு சொல்கிறது, கணினி ஏன் அணைகிறது?

கேள்வி: என் கணினியில் 750 வாட் பவர் சப்ளை, 320 வாட் கிராஃபிக்ஸ் கார்டு. கண்காணிப்பு மென்பொருளில் எல்லாம் சேர்த்து 530 வாட்டுக்கு மேல் போனதே இல்லை. கார்டை முழுச் சுமையில் வைக்கும் சோதனையை ஒரு மணி நேரம் ஓட்டினாலும் ஒன்றும் ஆவதில்லை. ஆனால் விளையாட்டில் காட்சி மாறும்போது பட்டென்று எல்லாம் அணைந்துவிடுகிறது. பின்பக்க ஸ்விட்சை அணைத்துப் போட்டால்தான் மீண்டும் எழுகிறது. பவர் சப்ளை பழுதா?

பழுதாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால், கிராஃபிக்ஸ் கார்டு ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவான நேரத்துக்குத் தன் அளவைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு மின்சாரத்தை இழுக்கிறது, அதைப் பார்த்த பவர் சப்ளையின் காப்புச் சுற்று இணைப்பைத் துண்டிக்கிறது என்றுதான் தோன்றுகிறது. ஒரு மணி நேரச் சோதனையில் தப்பித்துக் காட்சி மாறும் நொடியில் விழுவதுதான் இதில் மிக முக்கியமான தடயம்.

நீங்கள் பார்த்த 530 வாட் பொய்யில்லை, ஆனால் அது சராசரி. கண்காணிப்பு மென்பொருள்கள் பொதுவாக ஒன்றிரண்டு நொடிக்கு ஒருமுறை கார்டிடம் அளவைக் கேட்கின்றன. கார்டு தரும் எண்ணும் ஏற்கெனவே சமன்செய்யப்பட்ட எண்தான். பத்தாயிரத்தில் ஒரு பங்கு நொடி நீடிக்கும் உச்சம் அதில் எந்தத் தடமும் இல்லாமல் கரைந்துபோகும். சுவரில் செருகும் வாட் மீட்டரும் உதவாது. பவர் சப்ளையின் உள்ளீட்டுப் பக்கம் உள்ள பெரிய கெப்பாசிட்டர் அந்த உச்சத்தைத் தானே விழுங்கிவிடுவதால் சுவர்ப் பக்கத்துக்கு அது வருவதே இல்லை. கார்டுக்குப் போகும் கம்பிகளில் மின்னோட்ட அளவியை மாட்டி ஆசிலோஸ்கோப்பில் பார்த்தால் மட்டுமே அது கண்ணுக்குத் தெரியும்.

இந்த உச்சம் எங்கிருந்து வருகிறது? ஒரு சில்லு வேலை செய்யும்போது செலவாகும் திறன் மூன்றைப் பொறுத்தது: எத்தனை டிரான்சிஸ்டர்கள் ஒரே சமயம் மாறுகின்றன, எந்த மின்னழுத்தத்தில் மாறுகின்றன, நொடிக்கு எத்தனை முறை மாறுகின்றன. மின்னழுத்தம் இதில் வர்க்கமாக நுழைகிறது. இப்போது உங்கள் காட்சி மாற்றத்தை நினைத்துப் பாருங்கள். அடுத்த காட்சி ஏற்றப்படும் நேரத்தில் கார்டுக்கு வேலை குறைவு. வேலை குறைவாக இருந்தால் திறன் வரம்புக்கும் நடப்புச் செலவுக்கும் நடுவே நிறைய இடம் இருக்கும். அந்த இடத்தைப் பார்த்துக் கார்டின் பூஸ்ட் கட்டுப்பாடு கடிகார வேகத்தையும் மின்னழுத்தத்தையும் உச்சத்துக்குக் கொண்டுபோய் வைத்திருக்கும். அந்த நிலையில் புதிய காட்சியின் முழு வேலையும் ஆயிரக்கணக்கான கணக்கீட்டு அலகுகளின் மீது ஒரே கணத்தில் வந்து விழுகிறது. எல்லா அலகுகளும் விழித்திருக்கின்றன, மின்னழுத்தம் உச்சத்தில், வேகமும் உச்சத்தில். 320 வாட் வரம்பு என்பது இதற்குப் பிறகுதான் செயல்படத் தொடங்குகிறது: கார்டு தன் மின்னோட்டத்தை அளந்து, சராசரி எடுத்து, வரம்பைத் தாண்டிவிட்டோம் என்று உணர்ந்து, வேகத்தை இறக்கச் சில மில்லிசெகண்டுகள் ஆகலாம். அதற்குள் வெளியேறிய மின்சாரம் வெளியேறியதுதான்.

ஒரு மணி நேரச் சோதனையில் ஏன் விழவில்லை என்பதும் இதிலிருந்தே விளங்கும். அந்தச் சோதனை இடைவிடாத கனமான சுமை. முதல் சில நொடிகளிலேயே கார்டு வேகத்தையும் மின்னழுத்தத்தையும் இறக்கிக்கொண்டு 320 வாட்டில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. பவர் சப்ளைக்கு இது மிகச் சுலபமான வேலை. ஆகவே நீண்ட நேரச் சுமைச் சோதனையில் தேறிவிட்டது என்பதை வைத்துப் பவர் சப்ளைக்கு நற்சான்று கொடுக்க முடியாது. அது வெப்பத்தைச் சோதிக்கிறது; இந்தச் சிக்கலைத் தொடுவதே இல்லை.

இனி பவர் சப்ளையின் பக்கம். உங்கள் எண்களையே வைத்துக்கொள்வோம். விளையாட்டின்போது சராசரியாகக் கார்டு 320, பிராசசர் 150, மற்றவை 60; மொத்தம் 530. கார்டு ஒரு கணம் இரண்டு மடங்காகிறது என்றால் 640, மொத்தம் 850. அதே கணத்தில் பிராசசரும் காட்சியை விரித்தெடுக்கும் வேலையில் 230 வாட்டுக்கு எகிறினால் 930. அதாவது பெயர்ப்பட்டியில் உள்ள அளவில் 124 சதவீதம். இரண்டும் ஒன்றாக எகிறுவது அபூர்வம் என்று நினைக்க வேண்டாம். காட்சி ஏறும் நேரத்தில் இரண்டுக்குமே வேலை வருகிறது.

இந்த 930 வாட்டைக் கொடுக்க முடியுமா என்று மட்டும் கேட்டால் போதாது. எவ்வளவு நேரம் கொடுக்க வேண்டும் என்றும் கேட்க வேண்டும். கார்டு கூடுதலாகக் கேட்பது 320 வாட், 12 வோல்ட்டில் ஏறத்தாழ 27 ஆம்பியர். பவர் சப்ளையின் 12 வோல்ட் வெளியீட்டில் எல்லாக் கெப்பாசிட்டர்களும் சேர்த்து 10,000 மைக்ரோஃபேரட் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 27 ஆம்பியர் 100 மைக்ரோசெகண்டுக்கு மட்டும் போனால், அந்தக் கெப்பாசிட்டர்களே தனியாகக் கொடுத்துவிடும். மின்னழுத்தம் சுமார் 0.27 வோல்ட் மட்டும் சரியும். 12 வோல்ட்டுக்கு 5 சதவீதம் கீழே, அதாவது 11.4 வரை இறங்கலாம் என்பது நெடுநாளைய ஏடிஎக்ஸ் விதி, 11.73 என்பது அதற்குள் வசதியாக இருக்கிறது. அதே 27 ஆம்பியர் ஒரு மில்லிசெகண்டு நீடித்தால் சரிவு பத்து மடங்கு, 2.7 வோல்ட். கெப்பாசிட்டரை மட்டும் நம்பியிருந்தால் கணினி அங்கேயே விழுந்துவிடும். ஆகவே அந்த இடைவெளிக்குள் பவர் சப்ளையின் கட்டுப்பாட்டுச் சுற்று சரிவை உணர்ந்து, உள்ளீட்டுப் பக்கத்திலிருந்து கூடுதல் ஆற்றலை உள்ளே தள்ள ஆரம்பித்திருக்க வேண்டும். எவ்வளவு விரைவாகத் தள்ளுகிறது என்பது அந்த மாடலின் வடிவமைப்பு. பெட்டியில் அச்சிட்ட வாட் அளவு அதைச் சொல்லாது. 80 பிளஸ் முத்திரையும் சொல்லாது. அது நிலையான சுமைகளில் எவ்வளவு மின்சாரம் வெப்பமாக வீணாகிறது என்று பார்க்கும் சோதனை மட்டுமே. தங்க முத்திரை வாங்கியிருக்கிறேன், எனக்கு இந்தப் பிரச்சினை வராது என்று நம்பியிருப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருக்கிறது.

மின்னழுத்தம் தாக்குப்பிடித்தாலும் அடுத்த தடை இருக்கிறது. மொத்தத் திறன் ஓர் எல்லையைத் தாண்டினால் அணைத்துவிடும் மிகைத்திறன் காப்பு பெரும்பாலான பவர் சப்ளைகளில் உண்டு. அந்த எல்லை பெயர்ப்பட்டி அளவுக்குக் கொஞ்சம் மேலே வைக்கப்பட்டிருக்கும். எவ்வளவு மேலே, எவ்வளவு நேரம் பொறுத்திருந்து துண்டிக்க வேண்டும் என்ற இரண்டும் தயாரிப்பாளரின் முடிவு. ஒன்று 115 சதவீதத்தில் உடனே துண்டிப்பதாக இருந்தால் நம் 930 வாட் அதற்குப் பொறுக்காது. இன்னொன்று 140 சதவீதம் வரை, அதுவும் சில மில்லிசெகண்டு காத்திருந்து துண்டிப்பதாக இருந்தால் அதற்கு இது ஒரு பொருட்டே இல்லை. இரண்டின் மீதும் 750 வாட் என்றுதான் எழுதியிருக்கும். நண்பருக்கு 650 வாட்டில் நிம்மதியாக ஓடும் கார்டு உங்களிடம் 750 வாட்டில் விழுவதில் அதிசயம் எதுவும் இல்லை.

எல்லையை எல்லாரும் உயரத்தில் வைத்துவிடலாமே என்று தோன்றலாம். அந்தக் காப்புதான் உள்ளே இருக்கும் சுவிட்சிங் டிரான்சிஸ்டர்களையும் டிரான்ஸ்ஃபார்மரையும் எரியாமல் காக்கிறது. எல்லையை உயர்த்தினால் அந்த உதிரிபாகங்களையும் பெரிதாகப் போட வேண்டும். ஆகவே விலை குறைந்த வடிவமைப்புகளில் எல்லையை இறுக்கமாக வைப்பது பெரும்பாலும் நேர்மையான முடிவுதான்.

இன்னொரு காப்பைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சில பவர் சப்ளைகளில் 12 வோல்ட் வெளியீடு ஒரே தடமாக இல்லாமல் பல தடங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் தனி மின்னோட்ட எல்லை வைக்கப்பட்டிருக்கும். பக்கவாட்டுப் பட்டியில் `12V1`, `12V2` என்று தனித்தனி ஆம்பியர் எண்கள் இருந்தால் அது இந்த வகை. கார்டு 640 வாட் இழுக்கும் கணத்தில் மதர்போர்டின் செருகுதடம் 12 வோல்ட்டில் தரக்கூடியது 66 வாட் மட்டுமே. மிச்சம் 574 வாட், ஏறத்தாழ 48 ஆம்பியர், கேபிள்கள் வழியே வர வேண்டும். கார்டின் இரண்டு கேபிள்களும் 40 ஆம்பியர் எல்லை கொண்ட ஒரே தடத்தில் மாட்டியிருந்தால், மொத்தத் திறனில் இன்னும் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் அந்தத் தடம் துண்டித்துவிடும். ஒரு கேபிளை வேறு தடத்தின் துளைக்கு மாற்றினால் ஒவ்வொன்றிலும் 24 ஆம்பியர்தான். எந்தத் துளை எந்தத் தடம் என்பது கையேட்டில் இருக்கும். செலவே இல்லாமல் தீரக்கூடிய வழி இது என்பதால் முதலில் இதைப் பார்த்துவிடுங்கள்.

கேபிளைத் தொட்டதும் இன்னொன்றையும் கவனியுங்கள். கார்டில் இரண்டு எட்டு முனைத் துளைகள் இருந்து, ஒரே கேபிளின் இரட்டைத் தலையை இரண்டிலும் செருகியிருந்தால், 48 ஆம்பியரும் மூன்று மெல்லிய 12 வோல்ட் கம்பிகள் வழியே போய்த் திரும்புகிறது. 60 சென்டிமீட்டர் நீளத்துக்கு, போகும் வழியும் திரும்பும் வழியும் சேர்த்து, சுமார் 8 மில்லிஓம் மின்தடை இருக்கும். கார்டின் வாசலில் அந்தக் கணத்தில் 0.4 வோல்ட் காணாமல் போகிறது. ஏற்கெனவே பவர் சப்ளையில் சரிந்தது இதன்மேல் சேரும். இரண்டு தனித்தனிக் கேபிள்கள் போட்டால் இந்த இழப்பு பாதியாகும். ஆனால் இந்தக் குறை பவர் சப்ளையை அணைப்பதைவிடக் கார்டைத் தடுமாற வைக்கவே வாய்ப்பு அதிகம்: திரை கறுத்துப்போகும், விசிறி முழு வேகத்தில் சுழலும், பின்னணியில் ஒலி ஓடிக்கொண்டே இருக்கும்.

எப்படி அணைகிறது என்பதைக் கவனிப்பது ஏன் முக்கியம் என்று இதிலிருந்து புரியும். மின்னழுத்தம் மட்டும் சரிந்தால், எல்லாம் சரியாக இருக்கிறது என்று பவர் சப்ளை மதர்போர்டுக்குத் தந்துகொண்டிருக்கும் சமிக்ஞை அறுபடும்; கணினி தானாகவே மறுதொடக்கம் ஆகும். காப்புச் சுற்று துண்டித்தால் பவர் சப்ளை அந்த நிலையிலேயே பூட்டிக்கொள்ளும். பல மாடல்களில் சுவர் மின்சாரத்தை நிறுத்தி, சில நொடி விட்டுப் போட்டால்தான் பூட்டு விடுபடும். நீங்கள் பின்பக்க ஸ்விட்சைத் தொட வேண்டியிருந்தது என்பதால் உங்களுடையது இரண்டாவது வகை. பிராசசர் அதிகமாகச் சூடாகி அணைந்திருந்தால் முன்பக்கப் பொத்தானை அழுத்தினாலே எழுந்திருக்கும். விண்டோஸின் `Event Viewer`-இல் `Kernel-Power`, எண் `41` என்று ஒரு பதிவு இருக்கும். அதில் `BugcheckCode` சுழியமாக இருந்தால் விண்டோஸ் பிழை எதையும் எழுத நேரமே இல்லாமல் மின்சாரம் போயிருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். யாரால் போனது என்று அது சொல்லாது. யு.பி.எஸ். வழியாக ஓட்டுகிறீர்கள் என்றால் ஒருமுறை நேரே சுவரில் செருகிப் பார்த்து அந்தச் சந்தேகத்தையும் கழித்துவிடுங்கள்.

இனி ஊகத்தை உறுதிப்படுத்தும் சோதனை. பலரும் முதலில் செய்வது கார்டின் திறன் வரம்பைக் குறைப்பது. அதைச் செய்தும் அணைகிறது என்றால், காரணம் மின்சாரம் இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அது தவறான முடிவு. திறன் வரம்பு சராசரியைத்தான் பிடிக்கிறது. சுமை இல்லாத நேரத்தில் கார்டு பழையபடி உச்ச வேகத்துக்கு ஏறி நிற்கும். அடுத்த காட்சி விழும்போது முதல் கணத்து உச்சமும் ஏறத்தாழ அதே உயரத்தில்தான் தொடங்கும். பிடிக்க வேண்டியது வேகத்தை. என்விடியா கார்டு என்றால் நிர்வாகி உரிமையோடு திறந்த கட்டளைத் திரையில் முதலில் வரம்பை மட்டும் குறையுங்கள்:

```
nvidia-smi -pl 250
```

அணையும் அதே காட்சிக்குப் போய் விளையாடுங்கள். மீண்டும் அணைந்தால், வரம்பை 320-க்கே திருப்பிவிட்டு, இப்போது வேகத்துக்கு மட்டும் கூரை போடுங்கள்:

```
nvidia-smi -pl 320
nvidia-smi -lgc 210,1500
```

முதலாவதில் அணைந்து இரண்டாவதில் அணையாமல் இருந்தால், வெப்பமும் சராசரிச் சுமையும் காரணமில்லை, கணநேர உச்சம்தான் காரணம் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். ஓரிரு முறை தப்பித்ததை வைத்து முடிவுக்கு வர வேண்டாம்; பழைய அமைப்பில் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை அணைந்ததோ அதைப் போலப் பல மடங்கு நேரம் ஓடட்டும். கூரையை எடுக்க `nvidia-smi -rgc`. ஏஎம்டி கார்டுகளில் அவர்களுடைய மென்பொருளிலேயே அதிகபட்ச வேகத்தைக் குறைக்கும் அமைப்பு உண்டு.

இந்தச் சோதனையே தற்காலிகத் தீர்வாகவும் ஆகும். வேகத்தை 10 சதவீதமும், அதோடு மின்னழுத்தத்தை 10 சதவீதமும் குறைத்தால், மின்னழுத்தம் வர்க்கமாக நுழைவதால், மாறுதலில் செலவாகும் திறன் 0.9 × 0.9 × 0.9, அதாவது சுமார் 73 சதவீதமாகிறது. உச்சமும் ஏறத்தாழ அந்த விகிதத்தில் இறங்கும்: 640 வாட் 470-க்குப் பக்கத்தில் வரும். விளையாட்டில் இழப்பது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இருக்கும். மின்னழுத்தத்தைக் குறைத்து ஓட்டுவதை நான் தற்காலிகம் என்று கூட நினைப்பதில்லை. கார்டு சத்தமில்லாமல், சூடில்லாமல் ஓடுகிறது. ஆனால் இது உங்கள் கார்டின் உரிமை, முழு வேகம் வேண்டும் என்று நீங்கள் கேட்டால் அதிலும் நியாயம் இருக்கிறது.

அப்படியானால் பவர் சப்ளையை மாற்ற வேண்டும். வெறுமனே பெரிய எண்ணை வாங்குவதும் பெரும்பாலும் வேலை செய்யும், ஏனென்றால் துண்டிப்பு எல்லையும் எண்ணோடு சேர்ந்து உயர்கிறது: 115 சதவீதத்தில் துண்டிக்கும் அதே வடிவமைப்பு 1000 வாட்டில் வந்தால் அதன் எல்லை 1150, நம் 930 அதற்கு வெகு கீழே. ஆனால் அதைவிட நேரான வழி, இந்தச் சிக்கலுக்கென்றே விதி எழுதப்பட்ட ஏடிஎக்ஸ் 3.0 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்புக்கு இணங்கும் ஒன்றை வாங்குவது. இன்டெல் 2022-இல் வெளியிட்ட அந்த விதியின்படி, கார்டுக்கான புதிய 16 முனை இணைப்பு கொண்ட, 450 வாட்டுக்கு மேற்பட்ட பவர் சப்ளை, தன் பெயர்ப்பட்டி அளவைப் போல இரண்டு மடங்கை 100 மைக்ரோசெகண்டுக்குத் தாங்க வேண்டும். நேரம் கூடக் கூட அந்த அளவு குறைந்துகொண்டே வரும். அப்படிப்பட்ட 750 வாட் ஒன்றுக்கு நம் 930 வாட் உச்சம் ஒரு தொந்தரவே இல்லை.

வாங்கும்போது ஒன்றை மட்டும் பாருங்கள். புதிய 16 முனைக் கேபிள் பெட்டியில் இருப்பதால் மட்டும் அது ஏடிஎக்ஸ் 3.0 ஆகிவிடாது. பழைய வடிவமைப்புகளுக்கும் அந்தக் கேபிளைச் சேர்த்து விற்கிறார்கள். கேபிள் மாறினால் உள்ளே இருக்கும் காப்புச் சுற்றின் பொறுமை மாறாது. இணக்கத்தைத் தயாரிப்பாளர் வெளிப்படையாக எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். திடீர் சுமைகளை ஆசிலோஸ்கோப்பில் அளந்து காட்டிய விமர்சனம் கிடைத்தால் இன்னும் நல்லது.

இதே கார்டும் இதே பவர் சப்ளையும் ஓரிரு ஆண்டு ஒழுங்காக ஓடிவிட்டு இப்போதுதான் அணையத் தொடங்கின என்றால், என் முதல் வரியைக் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும். வெளியீட்டுக் கெப்பாசிட்டர்கள் வெப்பத்தில் முதுமையடைந்து கொள்ளளவை இழக்கும், அவற்றின் உள்மின்தடை கூடும். மேலே போட்ட கணக்கில் 10,000 என்ற இடத்தில் 6,000 என்று போட்டுப் பாருங்கள்: முதல் 100 மைக்ரோசெகண்டிலேயே சரிவு 0.45 வோல்ட். நேற்று வரை எல்லைக்குள் இருந்த அதே உச்சம் இன்று எல்லையின் விளிம்பைத் தொடும். அப்போது உத்தரவாதக் காலம் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து மாற்றிக்கொள்வதே சரி. கெப்பாசிட்டரை நாமே மாற்றலாம் என்று பெட்டியைத் திறக்க வேண்டாம்; உள்ளீட்டுப் பக்கக் கெப்பாசிட்டரில் 400 வோல்ட்டுக்குப் பக்கத்தில் மின்னழுத்தம் இருக்கும், செருகியைப் பிடுங்கிய பிறகும் அது சிறிது நேரம் தங்கியிருக்கும்.